முதல் ஆளைச் சேர்க்கும்போது: ஒரு ஆஃபர் லெட்டர், மூன்று மாத புரோபேஷன், ஆறாவது மாதம் என்ற கோடு

பெங்களூரு ராஜாஜிநகரில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு சிறு கம்பெனி. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். இதுவரை கணக்கு எழுத ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போனார், ஏற்றி இறக்க நாள் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். இப்போது முதன்முறையாக முழுநேர ஆள் ஒருவரை எடுக்கிறார்கள். பில் போடுவது, இ-வே பில் எடுப்பது, சரக்கு அனுப்பும் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. கிருஷ்ணகிரிப் பையன், பி.காம். முடித்தவர், 2026 பிப்ரவரி 2, திங்கட்கிழமை சேர வேண்டும்.

ஆஃபர் லெட்டருக்கு அவர்கள் செய்ததுதான் பெரும்பாலோர் செய்வது. தெரிந்தவர் வேலை பார்த்த பெரிய கம்பெனியின் லெட்டரை வாங்கி, பெயரையும் தொகையையும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். பதினோரு பக்கம். மறுநாள் பையன் போன் செய்தார்.

"அண்ணா, லெட்டர்ல வருஷத்துக்கு மூணு லட்சத்து அறுபதாயிரம்னு போட்டிருக்கு. அப்போ மாசம் முப்பதாயிரம் கைக்கு வந்துடும்ல?"

"அதுல போனஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கு தம்பி. கைக்கு கொஞ்சம் குறையும்."

"எவ்வளவு குறையும்ணா? ஸ்ரீராமபுரத்துல ரூம் பேசி வெச்சிருக்கேன், அட்வான்ஸ் கொடுக்கணும்."

பதில் சொல்ல உரிமையாளருக்கே கணக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் இப்படி வந்தது. 3,60,000-க்குள் வருஷக் கடைசியில் தரும் போனஸ் 24,000, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 12,000. இரண்டையும் கழித்தால் 3,24,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 27,000. தொழில் வரி 200 போனால் கைக்கு 26,800. பையன் மனதில் இருந்த தொகைக்கும் இதற்கும் 3,200 ரூபாய் வித்தியாசம். சேர்ந்த பிறகு முதல் சம்பளத்தன்று இது தெரிந்திருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கலாம். நல்ல வேளையாகக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மூன்று பக்கத்தில் புதிதாக ஒன்று எழுத வேண்டியதாயிற்று. புதிய லெட்டரில் எதை எப்படி எழுதியது, ஏன் அப்படி எழுதியது என்பதுதான் கீழே வருவது.

சம்பளம்

ஒரே ஒரு ஆள் உள்ள இடத்தில் சிடிசி, அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனிக்கு வருஷத்தில் ஆகும் மொத்தச் செலவு, என்ற சொல்லே வேண்டாம். மாதச் சம்பளத்தை எழுதுங்கள், அதில் என்ன பிடிக்கப்படும் என்பதை எழுதுங்கள், கைக்கு வரும் தொகையையும் எழுதிவிடுங்கள். போனஸ் கொடுப்பதாக இருந்தால் அது தனி வரி: எவ்வளவு, எந்த மாதம், என்ன நிபந்தனை. "கம்பெனியின் விருப்பப்படி" என்று எழுதிவிட்டு அதையே ஆண்டுச் சம்பளக் கூட்டுத்தொகையில் சேர்ப்பதுதான் முதல் சண்டைக்குக் காரணம். காப்பீடும் அப்படியே. தருகிறோம் என்று ஒரு வரி போதும், அதைச் சம்பளமாகக் காட்ட வேண்டியதில்லை.

பேசி முடித்த பிறகு மாதம் 30,000 என்று உறுதியானது. அடிப்படைச் சம்பளம் 18,000, வீட்டு வாடகைப் படி 9,000, பயணப் படி 3,000. இப்படிப் பிரிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படையை 9,000 என்று குறைத்துக் காட்டி மீதியை எல்லாம் படியாகப் போடும் பழைய வழக்கத்துக்கு இனிப் பலன் இல்லை. இங்கே படிகள் இரண்டும் சேர்ந்து 12,000, அதாவது 40 சதவீதம். பிரச்சினை இல்லை.

காப்பியடித்த லெட்டரில் இன்னொரு ஆபத்தான வரி இருந்தது: "பி.எஃப். பங்காக 1,800 ரூபாய் பிடிக்கப்படும்." வருங்கால வைப்பு நிதி கட்டாயமாவது இருபது பேர் வேலை செய்யும் இடத்தில். இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், அதுவும் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு. ஒரே ஆள் உள்ள கம்பெனிக்கு இரண்டும் கட்டாயமில்லை. தானாக முன்வந்து பதிவு செய்து கட்டலாம், தவறில்லை. ஆனால் பதிவும் இல்லாமல், கட்டவும் வழியில்லாமல் லெட்டரில் பிடித்தம் என்று எழுதி, சம்பளத்திலும் பிடித்துவிட்டால், அது தொழிலாளியின் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டதாகத்தான் ஆகும். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: லெட்டரில் எழுதும் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் அதைக் கட்டும் பதிவு எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

கர்நாடகத்தில் தொழில் வரி மட்டும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் 25,000-க்குக் கீழ் இருந்தால் இல்லை. அதற்கு மேல் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300, ஆண்டுக்கு மொத்தம் 2,500. நம் பையன் சேர்வதே பிப்ரவரியில் என்பதால் முதல் சம்பளத்திலேயே 300 போகும். அதையும் லெட்டரில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டால் மார்ச் மாதம் "போன மாசம் ஏன் நூறு ரூபாய் கூடப் பிடிச்சீங்க?" என்ற கேள்வி வராது. வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது.

நாள் கணக்கு எதால் வகுக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். இதைக் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சம்பளமில்லாத விடுப்பு இரண்டு நாள் மார்ச்சில் எடுத்தால், காலண்டர் நாளான 31-ஆல் வகுத்தால் 1,935 ரூபாய் குறையும். 26-ஆல் வகுத்தால் 2,308 குறையும். வித்தியாசம் 373 ரூபாய்தான். ஆனால் எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு ஏமாந்துபோன உணர்வு வரும். இங்கே காலண்டர் நாள் என்று எழுதப்பட்டது. அதன்படி பிப்ரவரி 1 ஞாயிறு போக, 28-இல் 27 நாள் சம்பளம் 28,929, தொழில் வரி 300 போகக் கைக்கு 28,629. இந்தத் தொகையும் லெட்டரிலேயே இருந்தது. அடுத்த மாதங்களில் 29,800. சம்பளத் தேதி அடுத்த மாதம் 5. சட்டப்படி 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், வங்கி விடுமுறை வந்தாலும் தாங்கும்படி இரண்டு நாள் இடம்.

தொகையை முடிவு செய்யும் முன்பே கர்நாடக அரசு கடை, வணிக நிறுவனங்களுக்கு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைப் பார்த்துவிடுங்கள். வேலையின் தரத்தைப் பொறுத்தும் மண்டலத்தைப் பொறுத்தும் அது மாறும். பெங்களூருக்குத் தனி விகிதம் உண்டு, ஏப்ரலில் அகவிலைப்படி கூடும். புரோபேஷனில் குறைத்துக் கொடுப்பதாக இருந்தாலும் அந்த அளவுக்குக் கீழே போக முடியாது. அப்படிக் குறைப்பதாக இருந்தால் "80 சதவீதம்" என்று எழுதாமல் இரண்டு தொகையையும் ரூபாயிலேயே எழுதுங்கள்.

புரோபேஷன்

பழைய லெட்டரில் இருந்த வாசகத்தின் சாரம் இது: புரோபேஷன் ஆறு மாதம். நிர்வாகம் விரும்பினால் நீட்டிக்கலாம். எழுத்தில் கன்ஃபர்ம் செய்யும்வரை புரோபேஷனாகவே கருதப்படும். கேட்பதற்கு உரிமையாளருக்குப் பாதுகாப்பாகத் தெரியும். பெங்களூரில் அது அப்படியில்லை.

1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் 39-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். விசாரித்து நிரூபித்த ஒழுங்கீனத்துக்கு மட்டும் அந்த நோட்டீஸ் தேவையில்லை. அந்தப் பிரிவு எண்ணுவது மாதத்தை. லெட்டரில் புரோபேஷன் என்று எழுதியிருக்கிறதா, கன்ஃபர்ம் என்று எழுதியிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பிப்ரவரி 2-இல் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் 1 சாயங்காலம் ஆறு மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு "நீ இன்னும் புரோபேஷன்தான், நாளையிலிருந்து வராதே" என்று சொன்னால் அந்தப் பேச்சு நிற்காது.

அப்படியென்றால் ஆறு மாத புரோபேஷன் வைத்து, அதன் கடைசி வாரத்தில் யோசிக்க ஆரம்பிக்கிறவர் கோட்டின் மேலேயே நிற்கிறார். நீட்டித்தால் கோட்டைத் தாண்டிவிடுகிறார். அதனால் முதல் ஆளுக்கு மூன்று மாதம் போதும் என்பது நம் தீர்மானமான கருத்து. தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் இரண்டு மாதம் நீட்டிப்பு. மொத்தம் ஐந்து மாதத்துக்குள் முடிவு தெரிந்துவிடும், ஆறாவது மாதம் கையிருப்பாக இருக்கும்.

"அதிகபட்சம்" என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு, அதையும் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். லெட்டரில் உச்ச வரம்பு இல்லாமல் இருந்து, காலம் முடிந்த பிறகும் ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அவர் புரோபேஷனில் தொடர்வதாகத்தான் நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கின்றன. உச்ச வரம்பு எழுதியிருந்து, அது தாண்டியும் எந்த உத்தரவும் இல்லாமல் வேலையில் வைத்திருந்தால், கன்ஃபர்ம் ஆனதாகவே கொள்ள வேண்டும் என்று 1968-இல் பஞ்சாப் ஆசிரியர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு வேலைக்கு வந்த தீர்ப்புதான் என்றாலும் லெட்டரின் வாசகத்தைப் படிக்கும் முறை அதுவாகத்தான் இருந்துவருகிறது. வரம்பு எழுதுவது உரிமையாளரைத் தேதியில் கட்டிப்போடுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் வரம்பில்லாத புரோபேஷனில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர். வங்கியில் கடன் கேட்டால் கன்ஃபர்மேஷன் லெட்டர் கேட்கிறார்கள், அவர்களிடம் இல்லை. அது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

இங்கே தேதிகள் இப்படி விழுந்தன. மூன்று மாதம் முடிவது மே 1. அன்று தொழிலாளர் தினம், கம்பெனி விடுமுறை. "மே 1 வந்ததும் கொடுத்துக்கலாம்" என்று இருந்தால் மறுநாள் சனிக்கிழமைதான் கடிதம் போகும், அதற்குள் காலம் முடிந்திருக்கும். ஆகவே பரிசீலனை ஏப்ரல் 20, திங்கள். கடிதம் கையில் கொடுப்பது ஏப்ரல் 30, வியாழன். நீட்டித்தால் ஜூலை 1 வரை. நீட்டிப்பிலும் சரிவரவில்லை, பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றால் ஜூன் 16-க்குள் சொல்லிவிட வேண்டும். இந்த நான்கு தேதியையும் லெட்டரில் கையெழுத்தான அன்றே உரிமையாளரின் போன் காலண்டரில் போட்டாயிற்று. முடிவில்லாத புரோபேஷன்களில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, மறதியால்தான் வருகின்றன.

எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதும் லெட்டரோடு ஒரு தனித் தாளில் போக வேண்டும். "திருப்தியான பணி" என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. இங்கே மூன்றே மூன்று எழுதினார்கள். முதல் மாதத்துக்குள் பில்லும் இ-வே பில்லும் தனியாகப் போடத் தெரிய வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு இ-வே பில் இல்லாமல் வண்டி ஏறக் கூடாது. இரண்டாவது மாதத்திலிருந்து விற்பனைப் பட்டியலை மாதம் 8-ஆம் தேதிக்குள் ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி. மூன்றாவது, சரக்கு அனுப்பிய பதிவேடும் பில் எண்ணும் வாரக் கடைசியில் ஒத்துப்போக வேண்டும். மார்ச் 2, ஏப்ரல் 1 இரண்டு நாளும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசி, பேசியதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்புவது என்று ஏற்பாடு. நீட்டிப்புக் கடிதமோ, அனுப்பிவிடும் கடிதமோ தேவைப்பட்டால் அந்த இரண்டு வரிகள்தான் ஆதாரம்.

அனுப்பிவிடும் கடிதத்தில் ஒரு கவனம். வேலை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று எழுதி புரோபேஷனில் முடிப்பது ஒன்று. "பணம் கையாடினார்", "பொய் சொன்னார்" என்று எழுதி முடிப்பது வேறு. பின்னதில் அந்த மனிதரின் பெயருக்கே களங்கம் வருகிறது. விசாரணை வைக்காமல், அவர் பக்கம் கேட்காமல் அப்படி எழுதக் கூடாது. கோபத்தில் எழுதிய ஒரு வாக்கியம் சாதாரண முடிவைத் தண்டனையாக மாற்றிவிடும்.

நோட்டீஸ் காலம் புதிய லெட்டரில் இரண்டு பக்கமும் ஒன்றே: புரோபேஷனில் 15 நாள், கன்ஃபர்ம் ஆன பிறகு 30 நாள். காப்பியடித்த லெட்டரில் ஊழியருக்கு 90 நாள், கம்பெனிக்கு 30 நாள் என்று இருந்தது. ஒரு ஆள் கம்பெனிக்கு அது எதற்கு? தொண்ணூறு நாள் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் பதிவேடு ஒத்துப்போகாது. வேலையை விட்ட பிறகு இரண்டு வருஷம் இதே தொழிலில் சேரக் கூடாது என்ற வரியையும் எடுத்தாயிற்று. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட தடை செல்லாது. அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். அசலைப் பார்த்துவிட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

நேரம்

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணிக்கு மேல் கூடாது, மூன்று மாதத்தில் ஓவர்டைம் 50 மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே ஒரு மணி ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை.

புதிய லெட்டரில் திங்கள் முதல் சனி வரை காலை 9.30 முதல் மாலை 6.30, மதியம் 1.30 முதல் 2.30 சாப்பாடு. வேலை நேரம் எட்டு மணி, வாரம் 48. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 48 என்பது சரியாக வரம்பு. சனிக்கிழமை லாரி தாமதமாகி ஏழரை வரை நின்றால் அந்த ஒரு மணி நேரமே ஓவர்டைம். வாரத்தை 48-க்கு நிரப்பிவிட்டு "வேலைக்கு ஏற்ப கூடுதல் நேரம் இருக்க நேரிடும்" என்று ஒரு வரி சேர்ப்பது இந்த ஊர் லெட்டர்களில் வழக்கம். அந்த வரியால் ஓவர்டைம் கூலி இல்லாமல் போய்விடாது. கூலி இரண்டு மடங்கு. 30,000-ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 144 ரூபாய் 23 காசு, இரண்டு மடங்கு 288 ரூபாய் 46 காசு. மாதம் ஆறு மணி நேரம் லாரிக்காக நின்றால் 1,731 ரூபாய். இந்த வகுத்தலையும் லெட்டரில் எழுதினார்கள், விடுப்புக் கணக்குக்கு ஒரு வகுத்தல், ஓவர்டைமுக்கு வேறு வகுத்தல் என்பது பின்னால் குழப்பம் தரும் என்பதால்.

கணக்கைப் பார்த்ததும் அந்த அம்மாவே ஒரு யோசனை சொன்னார்: "ரெண்டாவது சனிக்கிழமை லீவு விட்டுடலாங்க. அந்தப் பையனும் கிருஷ்ணகிரிக்குப் போய்ட்டு வரட்டும்." அப்படியே எழுதப்பட்டது. ஆனால் ஒரு வாரத்தில் விட்டுக்கொடுத்த லீவைக் காட்டி இன்னொரு வாரத்தின் ஓவர்டைமைக் கழிக்க முடியாது, 48 என்பது வாரா வாரம் எண்ணப்படுவது. வாரம் முழுக்க கூடுதல் நேரம் வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் 45 மணி நேரமாக எழுதுவதுதான் நல்லது.

விடுப்பு

இது எளிது. வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஆறு நாள் வாரத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 14 நாள் சேரும். லெட்டரில் 15 என்று எழுதிவிட்டார்கள். அது தவிர உடல்நலக் குறைவு, விபத்து, வேறு நியாயமான காரணங்களுக்கு வருஷத்துக்கு 12 நாள். இது முதல் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான். "புரோபேஷனில் எந்த விடுப்பும் கிடையாது" என்று எழுதுவது சட்டத்தோடு ஒத்துப்போகாது. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தவருக்குச் சம்பளம் பிடித்து அனுப்பிய கதைகள் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகின்றன. புதிய லெட்டரில் மாதத்துக்கு ஒன்றாக 12 நாள் சேரும், தேவைப்பட்டால் இரண்டு நாள் முன்கூட்டியும் எடுக்கலாம் என்று இருக்கிறது.

பண்டிகை விடுமுறை தனிக் கணக்கு. 1963-ஆம் ஆண்டின் கர்நாடகத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஐந்தும் நிச்சயம். இன்னும் ஐந்து பண்டிகை நாள், மொத்தம் பத்து. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வாங்கிய மாதிரி லெட்டரில் காண முடியாது. அந்த ஐந்து பண்டிகையில் பொங்கல், உகாதி, ஆயுதபூஜை, தீபாவளி, ரம்ஜான் என்று எது எது என்று பெயர் சொல்லி எழுதினால் நல்லது.

ஆஃபர் வேறு, அப்பாயின்ட்மென்ட் வேறு

ஆஃபர் லெட்டர் சேர்வதற்கு முன் போவது. அதில் ஏற்றுக்கொள்ள ஒரு கெடு வேண்டும். இங்கே ஜனவரி 17 வரை என்று எழுதினார்கள், அதற்குள் கையெழுத்து வரவில்லை என்றால் ஆஃபர் தானாக ரத்து. பழைய வேலையின் ரிலீவிங் லெட்டர் நகல், படிப்புச் சான்றுகள், ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவை சேரும் நாளில் வேண்டும் என்று ஒரு வரி. சேராவிட்டால் என்ன, வந்த பிறகு சான்று பொய் என்று தெரிந்தால் என்ன என்பதற்கு ஒவ்வொரு வாக்கியம்.

அதோடு முடிந்ததென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 6-ஏ பிரிவுப்படி வேலையில் சேர்த்த 30 நாளுக்குள் கியூ படிவத்தில் நியமன உத்தரவு எழுத்தில் கொடுக்க வேண்டும். கம்பெனியின் பெயரும் முகவரியும், ஊழியரின் தற்போதைய முகவரியும் நிரந்தர முகவரியும், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பதவி, வேலையின் தன்மை, பதிவேட்டு வரிசை எண், சம்பள விவரம் என்று ஒரே பக்கம்தான். பிப்ரவரி 2-இல் சேர்ந்தவருக்கு மார்ச் 4-க்குள் போக வேண்டும். தள்ளிப்போடாமல் சேர்ந்த அன்றே கொடுத்துவிடுவது நல்லது. முன்னதாக, ஆள் எடுக்கும் கம்பெனி இந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இ-கார்மிகா தளத்தில் நடக்கிறது. கியூ படிவத்தில் உள்ள சம்பளமும் ஆஃபர் லெட்டரில் உள்ள சம்பளமும் ஒரு ரூபாய் கூட மாறக் கூடாது. ஆஃபரில் 30,000, படிவத்தில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டி ஒரு சிறிய தொகை என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆள் போகும்போது கைக்கணக்கு முடிக்கும் நாளில் இரண்டு தாளும் மேஜைக்கு வரும், அப்போது பெரிய தொகைதான் நிற்கும்.

கைக்கணக்கு என்றதும், அதற்கும் கெடு உண்டு. புதிய ஊதியத் தொகுப்புப்படி வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் நிலுவைச் சம்பளம் கொடுக்க வேண்டும். "கடைசி நாளிலிருந்து 45 நாளில்" என்ற பழைய வாக்கியம் காப்பியடித்த லெட்டரில் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டு, கடைசி வேலை நாளுக்கு முந்தின நாளே விடுப்பு இருப்பும் ஓவர்டைமும் கணக்குப் போட்டு வைப்பது என்று எழுதினார்கள்.

லெட்டர் ஆங்கிலத்தில்தான் இருக்கும், வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் அதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் கையெழுத்து வாங்கும் முன் அதைத் தமிழில் வரி வரியாகச் சொல்ல வேண்டும். ராஜாஜிநகரில் அது முக்கால் மணி நேரம் எடுத்தது. புரோபேஷன் பத்தியில் வந்ததும் பையன் கேட்ட கேள்வி: "மே ஒண்ணுக்குள்ள நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா?" உரிமையாளர் அந்தப் பத்தியின் கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்து, இருவரும் அதன் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள்: மே 1-க்குள் நீட்டிப்புக் கடிதம் வராவிட்டால் மே 2 முதல் கன்ஃபர்ம் ஆனதாகக் கொள்ளலாம். இரண்டு நகலிலும் அதே வரி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, ஒரு நகல் பையனின் பையில், இன்னொன்று கியூ படிவத்தோடு சேர்த்து ஃபைலில்.